சிறுகதை: மூன்றாம் கவுண்ட்டர் (வங்கியில் வேலை பார்த்தவர்கள் படித்துச் சொல்லுங்கள்)

கல்மண்டபம்வாசி

வணக்கம். கீழே இருப்பது ஒரு சின்னக் கதை. ராயபுரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நடக்கிறது. வங்கியும் ஆட்களும் கற்பனை. கதை நன்றாக இருக்கிறதா என்பதைவிட, கவுண்ட்டரில் நடக்கிற வேலை நம்பும்படி இருக்கிறதா என்றுதான் தெரிய வேண்டும். இந்த வேலையில் இருந்தவர்கள் தயங்காமல் வெட்டுங்கள்.

கஸ்தூரி உட்காருவது மூன்றாம் கவுண்ட்டர். மாதத்தின் முதல் வாரம் என்றால் காலை ஒன்பதரைக்கே ஷட்டருக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். பென்ஷன் எடுக்க வருகிறவர்கள், மகளிர் குழுப் பணம் கட்டுகிறவர்கள், காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடையோடு வருகிற பெண்கள். நோட்டில் ஈரம் இருக்கும், சில சமயம் செதிலும். எண்ணுகிற மெஷின் இரண்டு தடவை சிக்கிக்கொள்ளும். மூன்றாவது தடவை கஸ்தூரி கையாலேயே எண்ணிவிடுவாள்.

பணம் எடுக்க ஒருவர் வந்தால் கணக்கு எண்ணை அடிக்க வேண்டும். அவருடைய கையெழுத்தும் போட்டோவும் தனியாக ஒரு சின்ன விண்டோவில் வரும். ஸ்லிப்பையும் அதையும் ஒத்துப் பார்த்துவிட்டுத் தொகையை அடிக்க வேண்டும், எந்த நோட்டு எத்தனை என்று போட வேண்டும். அந்தச் சின்ன விண்டோ எங்கே வந்து உட்காரும் என்றால், தொகை அடிக்கிற கட்டத்தின் மேலேயே. மௌஸைப் பிடித்து அதை ஓரமாக இழுப்பாள். கால்குலேட்டரைத் திறந்தால் அது வேறொன்றை மறைக்கும். அதையும் இழுப்பாள். மூன்று வருடமாக இப்படித்தான்.

அன்று கண்ணாடிக்கு வெளியே அஞ்சலை ஆயா நின்றிருந்தது.

"இன்னா கண்ணு, எதையோ தள்ளிக்கினே இருக்கிறே? மாவு தேய்க்கிற மாதிரி."

"ஒண்ணுமில்ல ஆயா, இது நடுவுல நடுவுல வந்து நிக்குது."

"வந்து நின்னா? ஒரு ஓரமா குந்துன்னு சொல்றது."

சாயங்காலம் பணம் டேலி ஆன பிறகு கஸ்தூரி கிளம்பவில்லை. பெரிய விண்டோவைச் சுருக்கி இடது பக்கம் ஒதுக்கினாள். வலது பக்கம் கிடைத்த இடத்தில் மேலே கையெழுத்து, கீழே கால்குலேட்டர். எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. ஆனால் பெரிய விண்டோவைச் சுருக்கியதில் வலது ஓரத்து பட்டன் மறைந்துவிட்டது. அதற்கு ஸ்க்ரோல் செய்ய வேண்டுமென்றால் இழுத்த வேலையே தேவலாம். Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு மைனஸை இரண்டு தடவை தட்டினாள். எழுத்து சின்னதாகி, பட்டன் உள்ளே வந்தது.

மறுநாள் காலை ஒரு தடவை அதேபோல் அடுக்கி வைத்தாள். அதற்குப் பிறகு மௌஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் முன்னால் இரண்டே பேர். பக்கத்தில் இரண்டாம் கவுண்ட்டரில் வரிசை வாசல்வரை. அவர்களும் பார்த்தார்கள். ஒருவர் நகர்ந்தார், பின்னாலேயே நான்கு பேர். பதினொன்றரைக்கு மூன்றாம் கவுண்ட்டர் வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் நின்றது. இரண்டாம் கவுண்ட்டர் சேகர் சார் டீ குடிக்கப் போனார்.

நிரல்மணி

கதை ஜாலி. ஆனால் இதற்கு இவ்வளவு கஷ்டம் எதற்கு? Win + இடது அம்பு தட்டினால் விண்டோ தானாகப் பாதி ஸ்கிரீனில் ஒட்டிக்கொள்ளும். Windows 7 வந்த 2009-இலிருந்தே உண்டு. இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு மானிட்டர் கேட்டு வாங்கலாம். ஒரு தடவை வைத்துவிட்டால் அப்படியே இருக்கும்.

பழைய கேஷியர்

தம்பி கல்மண்டபம்வாசி, ஈர நோட்டு, டேலி, டீ குடிக்கப் போன சேகர் எல்லாம் சரி. நான் பணி ஓய்வு பெறும்வரை வடசென்னைக் கிளைகளில் கவுண்ட்டரிலும் அதன் பின்னால் இருக்கிற மேஜையிலும் இருந்தவன். முதலில் நிரல்மணிக்குச் சொல்லிவிடுகிறேன்.

பாதி ஸ்கிரீன் போதாது. கிளைகளில் நான் பார்த்த மானிட்டர்கள் பலவும் 1366 × 768. அதில் பாதி என்றால் 683. வங்கி மென்பொருளின் பக்கம் அந்த அகலத்துக்குள் அடங்காது. அதனால்தான் கஸ்தூரி பாதி வைக்காமல் கொஞ்சம் அதிகம் விட்டு வைக்கிறாள். கதையில் அது சரியாகவே இருக்கிறது. இரண்டாவது மானிட்டர் விஷயம்: கவுண்ட்டர் மேஜையில் கேஷ் டிராயர், எண்ணும் மெஷின், பாஸ்புக் பிரிண்டர், ஸ்லிப் குத்துகிற கம்பி, கீபோர்டு. மிச்சம் இருக்கிற இடத்தில் டம்ளர் வைக்கலாம். "அப்படியே இருக்கும்" என்பதும் இல்லை. சாயங்காலம் லாக் அவுட் செய்தால் காலையில் எல்லாம் பழைய இடத்தில். மதியம் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரில் நுழைந்தாலும் அப்படித்தான்.

இப்போது கதைக்கு வருகிறேன். கையெழுத்து விண்டோ ஓரத்தில் நிரந்தரமாகத் திறந்தே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வரும்போது அதில் யாருடைய முகம் இருக்கும்?

கல்மண்டபம்வாசி

புதுக் கணக்கு எண்ணை அடித்ததும் புது ஆளின் முகம் வந்துவிடும் அல்லவா? நான் அப்படித்தான் நினைத்து எழுதினேன்.

நிரல்மணி

வந்துவிடும், ஆனால் எப்போது வரும் என்பதுதான் விஷயம். சார் சொன்னதும்தான் யோசித்தேன். பிரௌசரில் ஓடுகிற மென்பொருளாக இருந்தால் அந்தச் சின்ன விண்டோவை இப்படி ஏதோ ஒரு வரி திறக்கும்:

```
window.open(url, "sign", "width=400,height=300")
```

நடுவில் இருக்கிற `sign` அந்த விண்டோவுக்கு வைத்த பெயர். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் புதிதாக ஒன்று வராது, பழையதற்குள்ளேயே புதுப் பக்கம் ஏறும். கஸ்தூரி மூடாமல் விட்டதால்தான் அது அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மூடினால் மறுபடி தொகைக் கட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். அவளுக்குக் காரணம் தெரியாமலே வழி கிடைத்திருக்கிறது.

ஆனால் லைன் மெதுவாக இருந்தால், புதுப் பக்கம் வந்து சேரும்வரை பழைய ஆளின் போட்டோவும் கையெழுத்தும் அங்கேயே நிற்கும். அந்த இரண்டு மூன்று நொடியில் கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தால் முந்தினவரின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

பழைய கேஷியர்

அதைத்தான் கேட்டேன். மேலே வந்து மறைக்கிறது என்று கஸ்தூரிக்கு எரிச்சல். ஆனால் அது மறைக்கிறவரை தொகையை அடிக்க முடியாது. தள்ளுவதற்காகவாவது கண் அதன்மேல் ஒரு தடவை போகும். ஓரமாக வைத்துவிட்டால் பார்க்காமலே தொகை அடித்துவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு எழுபதாவது ஸ்லிப் கையில் இருக்கும்போது கை தானாகப் போகும். தெரிந்த முகம் வேறு.

இன்னொன்று. காசிமேட்டுப் பக்கம் வயதானவர்களில் கைநாட்டு வைக்கிறவர்கள் நிறைய. கைரேகையைக் கண்ணால் ஒப்பிட முடியுமா? அவர்களுக்குப் போட்டோதான் எல்லாம். எங்கள் கிளையில் அதிகாரி ஒருவரும் ஆளைப் பார்த்து ஸ்லிப்பில் ஒப்பமிட்ட பிறகுதான் கவுண்ட்டரில் பணம் கொடுப்போம். கணக்கு தொடங்கியபோது எடுத்த போட்டோ அது, இருபது வருடம் முந்தைய முகமாகக்கூட இருக்கும். அதைச் சின்னதாக்கி மூலையில் வைத்தால் யாரைப் பார்த்தாலும் அஞ்சலை மாதிரிதான் தெரியும்.

எழுத்தைச் சின்னதாக்கியதும் அப்படித்தான். 80 சதவீதத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிய ஸ்கிரீன் நல்லதாக இருக்க வேண்டும், கண்ணும் நல்லதாக இருக்க வேண்டும். கஸ்தூரிக்கு என்ன வயது?

தண்டையார்பேட்டை தேவி

இது எந்தக் கிளை என்று சொல்ல முடியுமா? எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற வங்கியில் அம்மா பாஸ்புக் பிரிண்ட் போட மட்டும் காலை முழுக்க நிற்கிறார். இந்தப் பெண் மாதிரி ஸ்கிரீனை மாற்றி வைக்கச் சொல்லி யாருக்கு மனு எழுத வேண்டும்? கடைசியாக எப்போது பிரிண்ட் போட்டது என்றுகூட நினைவில்லை, நான்கைந்து பக்கம் வருமாம், அதற்கே அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கல்மண்டபம்வாசி

தேவி அக்கா, இது கதை. அந்தக் கிளை என் தலைக்குள்தான் இருக்கிறது.

பழைய கேஷியர்

அம்மா, பாஸ்புக்குக்கு வரிசையில் நிற்க வேண்டாம். கிளையில் தானாக அச்சடிக்கிற மெஷின் இருக்கிறதா பாருங்கள். பாஸ்புக்கில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், பிறகு நீங்களே போட்டுக்கொள்ளலாம். புகார்தான் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஸ்கிரீனை எப்படி வைப்பது என்று மனு கொடுக்க முடியாது.

கணக்கு வாத்தியார்

எல்லாரும் ஸ்கிரீனையே பார்க்கிறீர்கள். கதையில் எனக்கு இடித்தது வேறு. ஒரு விண்டோவை இழுக்காமல் விட்டால் மிச்சமாவது பதினைந்து நொடி இருக்குமா? அதற்கு வரிசை இப்படிக் கரையுமா என்று சிலர் நினைக்கலாம். போட்டுப் பார்த்தேன்.

மணிக்கு 20 பேர் முன்பின்னாக வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குச் சராசரி இரண்டரை நிமிடம். அப்படியென்றால் கஸ்தூரியால் மணிக்கு 24 பேரை அனுப்ப முடியும். வருவது 20, முடிவது 24. பார்த்தால் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை, வேலையும் சீராக இல்லை. வரிசைகளுக்கான எளிய சூத்திரத்தில் போட்டால், தன் முறை வரும்வரை ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம் நிற்பார். இப்போது ஆளுக்குப் பதினைந்து நொடி குறையுங்கள், இரண்டேகால் நிமிடம். காத்திருப்பு ஏழு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. வேலை நேரம் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, நிற்கிற நேரம் கிட்டத்தட்ட பாதி. கவுண்ட்டர் கழுத்துவரை நிரம்பியிருக்கும்போதுதான் இப்படி நடக்கும். மதியம் மூன்று மணிக்கு மணிக்குப் பத்துப் பேர் வருகிற நேரத்தில் இதே பதினைந்து நொடியைக் குறைத்தால் காத்திருப்பில் அரை நிமிடம்கூடக் குறையாது.

அதனால் கதையில் பதினோரு மணிக்கு இரண்டே பேர் நின்றார்கள் என்பது நடக்கக்கூடியது. முதல் வாரம் என்று எழுதியதுதான் இடிக்கிறது. அன்று மணிக்கு முப்பது பேர் வந்தால் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை தொண்ணூறு பேர். பழைய வேகத்தில் 72 பேர் போயிருப்பார்கள், பதினெட்டுப் பேர் நிற்பார்கள். புது வேகத்தில் 80 பேர் போயிருப்பார்கள், பத்துப் பேர் நிற்பார்கள். எந்த வேகத்திலும் வரிசை மணிக்கு மணி வளரத்தான் செய்யும்.

பழைய கேஷியர்

வாத்தியாரே, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே நாற்பது பேர் உள்ளே வருவார்கள். முன்பின்னாக வருவதெல்லாம் அதற்கப்புறம்தான். எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன் ஒருவன் மூட்டையாகப் பத்து ரூபாய் நோட்டு கொண்டுவந்து கொட்டினால் இருபது நிமிடம் அவனோடே போய்விடும். நான் இருந்த காலத்தில் தொகை 50,000-ஐத் தாண்டினால் பான் எண் கேட்போம், அது அவனுக்குத் தெரியாது, முதலாளிக்கு போன் போடுவான்.

கணக்கு வாத்தியார்

அதுதான் நானும் சொல்ல வந்தது. அந்தத் துணிக்கடைப் பையனையும் தேவி அக்காவின் நான்கு பக்கப் பாஸ்புக்கையும் தனி கவுண்ட்டருக்கு அனுப்பினால், ஸ்கிரீனைத் தொடாமலே வரிசை குறையும். ஒருவருக்கு இரண்டு நிமிடம், அடுத்தவருக்கு இருபது நிமிடம் என்று இருந்தால் சராசரி மாறாமலே காத்திருப்பு எகிறும். கஸ்தூரி தப்பான இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்பேன். அப்புறம், ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் தனி வரிசை எதற்கு? ஒரே வரிசையாக நிற்க வைத்து, எது காலியோ அங்கே அனுப்பினால் நகர்ந்து ஓடுகிற கடைசிக் காட்சியே நடக்காது.

கல்மண்டபம்வாசி

அந்தக் காட்சி நடக்காவிட்டால் கதை ஏது வாத்தியாரே!

தவிர, யார் எந்த கவுண்ட்டர் என்று முடிவெடுப்பது மேனேஜர். கஸ்தூரியின் கைக்கு எட்டுவது அந்த ஸ்கிரீன் மட்டும்தான். அதனால்தான் அதை எழுதினேன்.

பழைய கேஷியர்

இது நியாயம். ஆனால் ஒன்று. எங்கள் காலத்தில் பித்தளை டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்போம். நிற்கிற வரிசையே கிடையாது. நேரம் இன்னும் அதிகம்தான் ஆகும், ஆனால் கண்ணாடிக்கு வெளியிலிருந்து யாரும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கஸ்தூரியை அவசரப்படுத்துவது ஸ்கிரீனா, வெளியே நிற்கிற முகங்களா?

வாசகி

நான் வங்கியும் இல்லை, கணினியும் இல்லை. இவ்வளவு நேரம் படித்ததில் ஒன்று தோன்றுகிறது. கடைசிக் காட்சி சிரிக்க வைக்கிறது, அவ்வளவுதான். நிரல்மணி சொன்ன அந்த இரண்டு மூன்று நொடி, ஸ்கிரீனில் முந்தின ஆளின் முகம் நிற்கிற நேரம், அதில்தான் கதை இருக்கிறது. அஞ்சலை ஆயா போன பிறகும் அவர் முகம் மூலையில் இருக்கிறது, வெளியே வேறொரு ஆயா நிற்கிறார். அதை எழுதுங்கள். வரிசை நகர்வதைத் தூக்கிவிடலாம்.

நிரல்மணி

தூக்க வேண்டாம். வரிசை நீண்டால்தான் அவள் அவசரப்படுவாள், அவசரப்பட்டால்தான் அந்த நொடிக்கு அர்த்தம். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று வேண்டும்.

வேண்டுமானால் செய்யக்கூடிய ஒரு சின்ன விஷயம்: ஒரு ஆள் முடிந்ததும் கையெழுத்து விண்டோவில் வெறும் பக்கத்தை வரவைப்பது. பக்கம் காலியாக இருந்தால் புது முகம் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். மென்பொருள் எழுதியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அவளால் முடியுமா தெரியாது.

பழைய கேஷியர்

அவளால் முடியாது. கிளையில் எதையும் மாற்றி எழுத விட மாட்டார்கள். விண்டோவை இழுத்து வைப்பது வேறு, மென்பொருளைத் தொடுவது வேறு. அவள் செய்யக்கூடியது விண்டோவின் தலைப்பில் வருகிற கணக்கு எண்ணில் கடைசி நான்கு எண்ணை ஸ்லிப்போடு வாய்விட்டுப் படிப்பது. நான் அப்படிப் படிப்பேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். தலைப்பில் எண் வராத மென்பொருளாக இருந்தால் பெயர். பெயரும் ஒன்றாக இருந்தால்? காசிமேட்டில் அஞ்சலை எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்மண்டபம்வாசி

எல்லார் சொன்னதையும் வைத்து ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். வரிசை நகர்கிற காட்சிக்குப் பிறகு வருகிறது. கஸ்தூரிக்கு நாற்பத்தாறு வயது ஆக்கிவிட்டேன், கண்ணாடி போட்டவள். முதல் வாரத்தைப் பதினைந்தாம் தேதி வாக்கில் தள்ளியிருக்கிறேன், வாத்தியாருக்காக. அதனால் பென்ஷன்காரர்கள் போய்விட்டார்கள்.

ஸ்லிப்பில் அஞ்சலை என்று இருந்தது. மூலையில் அஞ்சலை ஆயாவின் முகம். கஸ்தூரி எண்ணை அடித்தாள், தொகை நாலாயிரம் என்று அடித்தாள், நோட்டை எடுத்து எண்ணினாள். கண்ணாடிக்கு வெளியே நீண்ட கையில் பச்சை வளையல். ஆயா வளையல் போடாது. நிமிர்ந்தாள். வேறு யாரோ. ஸ்கிரீனைப் பார்த்தாள், அதற்குள் அங்கேயும் முகம் மாறியிருந்தது, பச்சை வளையல்காரியின் முகம்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பணம் போக வேண்டியவருக்குத்தான் போகிறது. இருந்தாலும் கஸ்தூரி பணத்தைத் திரும்ப டிராயரில் வைத்தாள்.

"இன்னாம்மா, குடுக்கமாட்டியா?"

"ஒரு நிமிஷம் இருங்க. உங்க நம்பரை ஒரு தடவை படிச்சிடறேன்."

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

வாசகி

இது பிடித்திருக்கிறது. தவறு நடக்காமலே விட்டது நல்லது.

கணக்கு வாத்தியார்

அந்த "ஒரு நிமிஷம்" அவள் மிச்சம் பிடித்த நான்கு பேரின் பதினைந்து நொடி. தினமும் எல்லாருக்கும் படித்தால் பழைய வரிசை திரும்பிவிடும். நான் இன்னும் தனி கவுண்ட்டர் பக்கம்தான்.

நிரல்மணி

நான்கு எண் படிக்க ஒரு நிமிடம் ஆகாது, மூன்று நொடி.

பழைய கேஷியர்

மூன்று நொடிதான். பத்தி சரியாக வந்திருக்கிறது. ஒரே ஒரு குறை: ஸ்லிப்பின் பின்பக்கம் இன்னொரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்காமல் நோட்டை எடுத்து எண்ணுகிறாள். எங்கள் கிளையில் அதை வாங்கிய பிறகுதான் டிராயரையே திறப்போம். அந்த அஞ்சலை கைநாட்டுக்காரர் என்றால் மையிட்டு விரலைப் பதித்துத் துடைக்கிற நேரம் இருக்கிறது, அதற்குள் போட்டோவும் வந்துவிடும். அந்த வரியைச் சேர்த்தால் வளையலை அவள் எப்போது பார்க்கிறாள் என்பதை மாற்றி எழுத வேண்டிவரும், பாருங்கள்.